எல்லா வேலையும் சேர்த்து

ரஞ்சனியின் கழுத்தைத்தான் நான் முதலில் கவனித்தேன். கடலைக் காட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ரெண்டு செடிக்கு ஒரு தடவை தலையைத் திருப்பி, ஊரை ஒட்டிய வரப்போரத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். மரத்தில் சேலைத் தூளி தொங்கியது. உள்ளே அவளுடைய எட்டு மாதப் பெண் யாழினி.

"கழுத்து வலிக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"வலிக்கும்க்கா. ராத்திரி தைலம் தேச்சுக்குவேன். போன வருஷம் பக்கத்து ஊர்ல தூளிக்குள்ள கட்டெறும்பு ஏறிடுச்சு. அந்தப் பிள்ளை கத்துனது காத்துல யாருக்குமே கேக்கல. அதுலேர்ந்து பாக்காம இருக்க முடியல."

பேச்சுக்கு நடுவிலும் மூன்று தடவை திரும்பிவிட்டாள். அங்கேயே, யாரையும் கேட்காமல், "உங்க ஊருக்குக் குழந்தைக் காப்பகம் வரும்மா. நான் கொண்டு வரேன்" என்று வாயை விட்டுவிட்டேன். என் வாய் எப்போதும் என் பதவியைவிட ஒரு படி மேலேதான் இருக்கும்.

என் பதவி என்னவென்றால், திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியின் சமூகப் பணித் துறையில் ஒருங்கிணைப்பாளர். வெளியிலிருந்து ஒரு நன்கொடை வந்திருந்தது. வையம்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் கைக்குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்று நடத்தலாம். ஒன்றே ஒன்றுதான். அங்கன்வாடி எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆனால் தவழும் பிள்ளையை அங்கே யாரும் வைத்துக்கொள்வதில்லை. மூன்று கிராமங்கள் பட்டியலில் இருந்தன. ரஞ்சனியின் ஊசிப்பாறைப்பட்டி அதில் ஒன்று.

எந்த ஊர் என்று தீர்மானிக்க எங்கள் துறைத் தலைவி சிஸ்டர் இருதயமேரி ஒரு விதி வைத்திருந்தார். சென்சஸ் டேபிளில் எந்த ஊரில் 'மெயின் ஒர்க்கர்' பெண்களின் பங்கு அதிகமோ அந்த ஊருக்கு. அவரவர் போய்ப் பார்த்த ஊருக்காக அவரவர் கண் கலங்கினால் காரியம் நடக்காது என்பது அவர் கட்சி. என்னைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

டேபிளை எடுத்துத் தர வேண்டியவர் புள்ளியியல் துறை சிவசங்கர். ரங்கநாதர் ஊரில் சிவன் பேரோடு வீடு வாங்கிய தைரியசாலி என்று நாங்கள் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. சிரிக்கவே மாட்டார். திங்கட்கிழமை கூட்டம். சனிக்கிழமையே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் மனைவி காபி கொடுத்தார். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், சொன்னா கோவப்படக் கூடாது. உங்க ஊசிப்பாறைப்பட்டி கடைசியில இருக்கு."

"கடைசின்னா?"

"பொம்பளைங்கள்ல மெயின் ஒர்க்கர் பதினோரு பேர்தான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு காட்டுல உக்காந்து களை எடுத்ததே பதினோரு பேர் சார்! ஊர்ல எந்தப் பொம்பளையும் பகல்ல வீட்ல இல்ல. இது என்ன டேபிள்?"

"2011 டேபிள். அடுத்தது எடுக்கலையே, இதுதான் நமக்கு இருக்கறது. வேலையே செய்யலன்னு சொல்லலை. மார்ஜினல் ஒர்க்கர்னு இருக்கு பாருங்க."

அவர் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்தது பாதிதான் என்று அப்போது புரிந்தது. மார்ஜினல் என்றால் அரைநேர வேலை, அற்பக் கூலி என்றே நான் நினைத்து வைத்திருந்தேன். அதெல்லாம் இல்லையாம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று சென்சஸ் கேட்பதில்லை. கூலி வாங்கினாளா, சொந்தக் காட்டில் சும்மா செய்தாளா என்பதும் இதற்குப் பொருட்டில்லை. கணக்கெடுப்புக்கு முந்தின ஒரு வருஷத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தாள், அவ்வளவுதான். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் மெயின். அதற்குக் கீழே என்றால் மார்ஜினல். அதிலும் மூன்று மாதத்துக்குக் குறைந்தவர்களுக்குத் தனிக் கட்டம், மூன்றிலிருந்து ஆறுக்குள் இருப்பவர்களுக்குத் தனிக் கட்டம். ஒரு நாளும் வேலை செய்யாதவர்கள், வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர்கள், 'வேலை செய்யாதோர்'.

"அப்ப மார்ஜினலையும் கூட்டுங்க" என்றேன்.

"கூட்டலாம். ஆனா உங்க ஊர்ல தொண்ணூறு பேருக்கு மேல மூணு மாசத்துக்குக் குறைஞ்ச கட்டத்துல இருக்காங்க. சிஸ்டர் என்ன கேப்பாங்க? மூணு மாச வேலைக்கு வருஷம் பூரா காப்பகம் எதுக்கும்பாங்க. மீதி ஒம்பது மாசம் ஆயாம்மா யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க?"

அந்த மனிதர் சொன்னதில் தப்பு இல்லை. தப்பு இல்லாதவரிடம் கோபப்படுவது மாதிரிக் கொடுமை வேறு கிடையாது. காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு போய்த் திண்டுக்கல் பஸ் ஏறி வையம்பட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊசிப்பாறைப்பட்டியில் போய் நின்றபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரஞ்சனி காட்டிலிருந்து அப்போதுதான் வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் மயிலம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்குக் கூலிக்குப் போய் வந்தவர்தான்.

"இந்தக் களையெடுப்பு முடிஞ்சா அப்புறம் சும்மாதானே இருப்பீங்க?" என்று கேட்டேன். இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டேன்.

ரஞ்சனி சிரித்துவிட்டாள். "சும்மாவா? கடலை, களையெடுப்பும் புடுங்கறதும் சேத்து ரெண்டு ரெண்டரை மாசம் ஓடும்க்கா. அப்புறம் முருங்கை. காய் பறிச்சுக் கட்டுக் கட்டி ஏத்திவிடணும், அது ஒரு ரெண்டு மாசம். நூறு நாள் வேலை குடுக்கறப்ப குடுப்பாங்க. ஐப்பசியில வேன் வரும், காவிரிப் பக்கம் நடவுக்குப் போவோம். சோளம் இருக்கு. மழை பேஞ்சா நாலு நாள் வீட்ல இருப்போம்."

"ஆடு?" என்றார் மயிலம்மாள் ஆட்டுப் பக்கமிருந்து.

"ஆடு தெனமும்தான்."

நான் அங்கேயே நின்று சிவசங்கருக்குப் போன் போட்டேன். "சார், ஒரு பொம்பளை ரெண்டு மாசம் கடலை, ரெண்டு மாசம் முருங்கை, ஒண்ணரை மாசம் நடவு, அப்புறம் நூறு நாள் வேலைன்னு போறா. அவ மெயினா, மார்ஜினலா?"

"எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும் மேடம். வேலையைக் கணக்கெடுக்கலை, ஆளைத்தான் கணக்கெடுக்கறோம். எல்லா வேலையும் சேத்து ஆறு மாசம் தாண்டிட்டா அவங்க மெயின். அதுல எது அதிக நாளோ அது தொழில் கட்டத்துக்குப் போகும்."

"அப்ப 2011-ல இந்த ஊர்ல மட்டும் ஏன் அப்படி ஆச்சு?"

"கேட்டவர் எப்படிக் கேட்டாரோ. சின்ன ஊர், ஒரே பிளாக்கா இருக்கும். ஒரே ஆள்தான் எல்லா வீட்டுக்கும் போயிருப்பார். அவர் ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஊரே அப்படித்தான் வரும்."

போனை வைத்துவிட்டு மயிலம்மாளிடம் திரும்பினேன். "ஏங்க, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இங்க சென்சஸ் எடுக்க எந்தப் புண்ணியவான் வந்தான்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"புண்ணியவான்தான் டீச்சரம்மா" என்றார் மயிலம்மாள், என் தொனி புரியாமல். "நம்ம விக்டர் வாத்தியார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்தாரே. மாசி வெயில்ல வீடு வீடா வந்தாரு. எங்க வீட்ல மோர் வாங்கிக் குடிச்சாரு. தங்கமான மனுஷன்."

விக்டர் வாத்தியார் என் அப்பா.

*

எங்கள் வீடு காட்டூரில் இருக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அப்பாவும் நானும்தான். அவர் சமைப்பார், நான் குறை சொல்வேன், ரெண்டு பேருக்கும் அதில் திருப்தி. கண்ணாடி அலமாரியில் வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அவருடைய சென்சஸ் அடையாள அட்டை இன்னும் இருக்கிறது. முப்பத்தி மூன்று வருஷ வாத்தியார் வேலையில் கிடைத்த எந்தச் சான்றிதழையும் அவர் அப்படி வைக்கவில்லை. அந்த ஒரு மாதம் நாட்டுக்காகச் செய்தது என்பார். எந்த ஊரில் எடுத்தார் என்று நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு அவர் ரசம் வைத்திருந்தார். நன்றாக இருந்தது. நான் குறை சொல்லவில்லை. அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அப்பா, சென்சஸ்ல வேலையைப் பத்தி எப்படிக் கேப்பீங்க?" என்றேன், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ பொழுதுபோகாமல் கேட்கிற மாதிரி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி பாப்பா. ஃபாரத்துல முதல்ல போன வருஷம் எவ்வளவு காலம் வேலை செஞ்சீங்கன்னு இருக்கும். அப்புறம்தான் என்ன வேலைன்னு. எடுத்த எடுப்புல காலத்தைக் கேட்டா கிராமத்து ஆளுக்கு ஒண்ணும் புரியாது, முழிப்பாங்க. அதனால நான் மாத்திக் கேப்பேன். முதல்ல என்ன வேலை செய்றீங்கம்மான்னு கேப்பேன். காட்டு வேலைம்பாங்க. அந்தக் காட்டு வேலை வருஷத்துல எத்தனை மாசம்மா இருக்கும்னு கேப்பேன். டக்குனு சொல்லிடுவாங்க. எங்க சூப்பர்வைசர் அடைக்கலம் சாரே, விக்டர் மாதிரி சீக்கிரம் முடிச்சவர் யாரும் இல்லைன்னு சொன்னார்."

எவ்வளவு அக்கறையாக, எவ்வளவு பிரியமாகச் செய்திருக்கிறார்! ஒரு வேலையின் பேரைக் கேட்டு, அந்த ஒரு வேலையின் மாதத்தைக் கேட்டு, அதையே அந்தப் பெண்ணின் மொத்த வருஷமாக எழுதியிருக்கிறார். காலத்தை முதலில் கேட்கச் சொன்னதே எல்லா வேலையும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்காகத்தான். வரிசையை மாற்றியதும் முருங்கை போய்விட்டது, நடவு போய்விட்டது, ஆடு போய்விட்டது. ஊரில் ஒருத்தருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று மாற்றியிருக்கிறார்.

"மயிலம்மாள்னு ஒருத்தங்க என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"ஞாபகம் இருந்தாலும் சொல்லக் கூடாது பாப்பா. ஒவ்வொரு வீடும் சொன்னது ரகசியம். அது சட்டம்" என்றார். உடனே, "உனக்கு மயிலம்மாளை எப்படித் தெரியும்?" என்றார்.

சும்மா என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவரிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். திங்கட்கிழமை கூட்டத்தில், பழைய டேபிள், பதினைந்து வருஷப் பழசு, நம்பக் கூடாது என்று கத்திப் பார்க்கலாம். அப்பா பெயர் வெளியே வராது. அந்த அட்டை மாதாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான் ரகசியம் காக்கிற அழகு ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவர் அந்த அலமாரியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த சென்சஸ் வருதாம், ரிட்டயர் ஆனவங்களையும் கூப்பிட்டா நான் போவேன்" என்று சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேப்பமரத்துத் தூளி, ரஞ்சனியின் கழுத்து, டேபிள், வரிசை மாறிய கேள்வி. கோபமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா துடைக்கிற துணியை மடித்தார். திரும்பவும் பிரித்து மடித்தார்.

"எத்தனை பேர்?"

"தொண்ணூறு சொச்சம்."

"தொண்ணூறு பேரா" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரல்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு ரஞ்சனியும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம், இந்த மனிதர் பழையபடி சிரித்தால் போதும் என்றிருந்தது.

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்பா. யாருக்கும் தெரியப் போறதில்ல."

"தெரியாம எப்படிம்மா அந்தப் பிள்ளைக்குக் காப்பகம் வரும்?" என்று கேட்டார்.

*

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். வேண்டாம் என்று கெஞ்சினேன், மிரட்டினேன். என் மிரட்டலுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவர். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக, மெதுவாப் போ என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

கூட்டத்தில் சிஸ்டர், சிவசங்கர், நான், வேறு கிராமங்களுக்குப் போய்வந்த ரெண்டு பேர். சிவசங்கர் டேபிளைத் திரையில் போட்டார். ஊசிப்பாறைப்பட்டி கடைசியில் நின்றது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், என் பேர் விக்டர். பேட்ரிசியா அப்பா. அந்தக் கடைசி வரிசையை எழுதினது நான்தான். அது தப்பு."

அவர் வகுப்பில் நிற்கிற மாதிரி நேராக நின்று, எப்படிக் கேட்க வேண்டும், தான் எப்படிக் கேட்டார், அதனால் எது விட்டுப்போனது என்று விளக்கினார். எந்த வீட்டையும் பேர் சொல்லவில்லை. "அவங்க பொய் சொல்லலை. குறைச்சும் சொல்லலை. நான் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொன்னாங்க. என் தப்புக்கு அந்த ஊர்க் குழந்தைங்க மரத்துத் தூளியில தொங்க வேண்டாம் சிஸ்டர்" என்றார். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது.

சிஸ்டர் இருதயமேரி கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க சார். முதல்ல தண்ணி குடிங்க." அவரே எழுந்து டம்ளரை நீட்டினார். பிறகு சிவசங்கரைப் பார்த்தார். "என்ன செய்யலாம்?"

"டேபிளை இனி மாத்த முடியாது சிஸ்டர், அது அச்சாகிப் போச்சு" என்றார் சிவசங்கர். எனக்குப் பகீரென்றது. அவர் தொடர்ந்தார். "ஆனா நாமளே போய்க் கேக்கலாம். இந்த ஒரு ஊருக்கு மட்டும் கேட்டா அது நியாயம் இல்ல. மத்த ரெண்டு ஊர்லயும் யாராவது இதே மாதிரி கேட்டிருக்கலாம். மூணு ஊருக்கும் போவோம். ஒரே கேள்வி. காலம் முதல்ல, வேலை அப்புறம். எல்லா வேலையும் சேத்து."

"ஊசிப்பாறைப்பட்டிக்கு நான் போறேன்" என்றார் அப்பா.

"நீங்க கேக்கக் கூடாது சார். மேடமும் கூடாது. உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஊர் ஜெயிக்கணும்னு இருக்கு. கேக்கறதிலேயே அது வந்துடும். நான் கேக்கறேன்."

எனக்கு மறுபடியும் கோபம் வரப் பார்த்தது. அப்பாவோ சந்தோஷமாகத் தலையாட்டினார். "ரொம்ப சரி. நான் கூட மட்டும் வரேன். வாயைத் திறக்க மாட்டேன்."

அந்தச் சனிக்கிழமை, பெண்கள் காட்டிலிருந்து திரும்புகிற நேரத்துக்கு, மூன்று பேரும் ஊசிப்பாறைப்பட்டிக்குப் போனோம். மயிலம்மாள் அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்தார். "வாத்தியாரய்யா! இளைச்சுட்டீங்களே!" அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆகவே அவர் கையை மட்டும் கூப்பினார். மயிலம்மாள் காரணம் புரியாமல் தானும் கூப்பிவிட்டு, மோர் கொண்டு வர உள்ளே போனார்.

சிவசங்கர் கேள்வி கேட்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! ரஞ்சனி எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "போன வருஷம் இதே மாசத்துலேர்ந்து ஆரம்பிப்போம்மா. அவசரமே இல்ல. ஒவ்வொரு மாசமா வருவோம். மொத்தத்துல எத்தனை நாள் ஏதாவது ஒரு வேலைக்குப் போனீங்க? கூலி குடுத்தாங்களா இல்லையான்னு பாக்க வேண்டாம். ஆடு மேய்ச்சிருந்தாலும் சொல்லுங்க." ரஞ்சனி யோசிக்க ஆரம்பித்ததும் மடியில் இருந்த யாழினி சிணுங்கினாள். ரஞ்சனி பாதிப் பேச்சில் எழுந்து பிள்ளையை ஆட்டினாள். கணக்கு விட்டுப்போனது. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி சிணுங்கல்.

அப்பா ரெண்டு கையையும் நீட்டினார். ரஞ்சனி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள்.

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். பிள்ளை அவருடைய சலவைச் சட்டையின் காலரைச் சப்பியது. வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை மட்டும் மீறி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். சிவசங்கர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அந்த வீடு முடிந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கைக்குழந்தை இருந்த வீட்டில் எல்லாம் அப்பா கையை நீட்டினார். அவர் நடந்துகொண்டே இருந்தார், பெண்கள் தங்கள் வருஷத்தை விட்டுப்போகாமல் சொன்னார்கள்.

அப்படிப் பல மாலைகள் போய், எல்லா வீடும் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது சிவசங்கர் தாள்களைப் புரட்டினார். "முக்கால்வாசிப் பேர் மெயின் ஒர்க்கர் மேடம்" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மற்ற ரெண்டு ஊரையும் அதே கேள்வியோடு முடித்த பிறகுதான் அவர் வரிசையைத் திரையில் போட்டார். ஒரு ஊரின் பங்கு அப்படியே இருந்தது, இன்னொன்றின் பங்கு கொஞ்சம் ஏறியிருந்தது. ஊசிப்பாறைப்பட்டி முதலில் நின்றது. சிஸ்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப நீ கண் கலங்கலாம் பேட்ரிசியா" என்றார். நான் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தேன்.

*

ஜூன் மாதம் ஊர்ப் பொதுக்கூடத்தில் காப்பகம் திறந்தோம். சுவருக்குப் பச்சை அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டு, தரையில் பாய் விரித்து, உத்தரத்தில் ஆறு தூளி கட்டியிருந்தோம். எறும்பு வராமல் இருக்க ஒவ்வொரு தூளிக் கயிற்றிலும் அப்பாவே வேப்பெண்ணெய் தடவித் தந்திருந்தார். உள்ளூர்ப் பெண்கள் ரெண்டு பேருக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுத்து ஆயாம்மாவாகப் போட்டிருந்தோம். விழாவெல்லாம் வேண்டாம், வேலைக்குப் போகிற நேரத்துக்குக் கதவைத் திறந்தால் போதும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். காலை எட்டு மணிக்கே பெண்கள் வந்துவிட்டார்கள், இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குவாளி.

அலமாரியிலிருந்து அந்த அடையாள அட்டையை அப்பா எடுத்துவிடுவார் என்று பயந்திருந்தேன். எடுக்கவில்லை. "இருக்கட்டும் பாப்பா. பாக்குறப்ப ஞாபகம் வரட்டும்" என்றார். அவர் திறப்பு நாளுக்கு என்னோடு வந்து, கதவோரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றார்.

ரஞ்சனி கடைசியில் வந்தாள். இப்போது யாழினிக்கு நடை பழகுகிற வயது. ஆயாம்மா கையை நீட்டினாள், பிள்ளை போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரஞ்சனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ரஞ்சனிக்குக் கண் தளும்பியது. அவள் சுற்றிலும் பார்த்தாள், கதவோரத்தில் அப்பா நின்றதைக் கண்டாள். நேராக அவரிடம் போனாள்.

"வாத்தியாரய்யா, உங்ககிட்ட வருவா."

பிள்ளை அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு அவர் காலரைப் பிடித்துக்கொண்டு தோளில் சாய்ந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ரஞ்சனி தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, மற்றப் பெண்களோடு முருங்கைக் காட்டுப் பக்கம் நடந்தாள். நான் வாசலில் நின்று அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவாள், இதோ திரும்புவாள் என்று.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.